விழித்திருக்கும் இரவின் கலோரிக் கணக்கு

தூங்கும் உடலைவிட விழித்திருக்கும் உடல் சற்று அதிக ஆற்றலை எரிக்கிறது. அப்படியானால் குறைவாகத் தூங்குபவர் மெலிய வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறது. ஓர் இரவு முழுவதும் படுக்கையில் விழித்தபடியே கிடந்தால் உடல் கூடுதலாகச் செலவழிப்பது ஏறத்தாழ 130 கலோரிதான். சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால் டீயும் இரண்டு பிஸ்கட்டும் அதை ஈடுகட்டிவிடும். தூக்கம் குறைந்தவர்களோ மறுநாள் அதைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் சாப்பிடுகிறார்கள். தூக்கக் குறைவு எடையைக் கூட்டுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். எரிப்பது சற்றுக் கூடுகிறது, உண்பது அதைத் தாண்டிக் கூடுகிறது. (கலோரி என்று இங்கே குறிப்பிடப்படுவது உணவுப் பொட்டலங்களில் அச்சாகும் கிலோ கலோரியை.)

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் பரிந்துரைத்தன. ஆய்வுக்கூடங்களில் ‘குறைந்த தூக்கம்’ என்று வைத்துப் பார்க்கப்படுவது பெரும்பாலும் 4 முதல் 5½ மணி நேரம் வரை. பரீட்சைக்குப் படிப்பவர், கைக்குழந்தையின் தாய், இரவுப் பணியாளர், நள்ளிரவு தாண்டியும் கைபேசியை வைக்க முடியாதவர் எனப் பலருக்கும் இது பழகிப்போன அளவு.

இந்தத் துறையின் அடிப்படையான சோதனைகளில் பல சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்தவை. பெல்ஜியத்தில் பிறந்த ஈவ் வான் காட்டர் அங்கே ஹார்மோன்களுக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரும் கரீன் ஸ்பீகலும் மற்றவர்களும் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. ஆரோக்கியமான 12 இளைஞர்கள் அதில் பங்கேற்றார்கள். யாருக்கும் உடல் பருமன் இல்லை. ஒரு முறை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். இன்னொரு முறை அதே ஆட்களை இரண்டு இரவுகள் 10 மணி நேரம் படுக்க விட்டார்கள். அளவீடு நடந்த நாளில் இரண்டு முறையும் வாய்வழி உணவு கிடையாது. குளுக்கோஸ் ஒரே அளவில் நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. உள்ளே போகும் ஆற்றல் சமமாக இருந்ததால், பசியில் தென்படும் வேறுபாட்டுக்கு உணவைக் காரணம் காட்ட முடியாது.

அளக்கப்பட்டவை இரண்டு ஹார்மோன்கள். ஒன்று லெப்டின். கொழுப்புத் திசு இதைச் சுரந்து, ‘கையிருப்பு போதும்’ என்ற தகவலை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்கு அனுப்புகிறது. 1994-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ப்ரீட்மனின் குழு இதைக் கண்டறிந்தது. மற்றது கிரெலின். இது பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது. சாப்பாட்டுக்கு முன் ஏறி, சாப்பிட்டபின் இறங்குகிறது, பசியைத் தூண்டுகிறது. ஜப்பானின் கொஜிமாவும் கங்காவாவும் 1999-இல் இதை அடையாளம் கண்டார்கள். சிகாகோ இளைஞர்களிடம், நீண்ட தூக்கத்தோடு ஒப்பிட்டபோது குறைந்த தூக்கத்துக்குப் பின் லெப்டின் 18 விழுக்காடு இறங்கியிருந்தது, கிரெலின் 28 விழுக்காடு ஏறியிருந்தது. தங்கள் பசியை அவர்களே மதிப்பிட்ட அளவும் ஏறக்குறைய கால் பங்கு கூடியிருந்தது. எதைச் சாப்பிட ஆசை என்று கேட்டபோது இனிப்பு, உப்புச் சிப்ஸ், மாவுப் பண்டங்கள் ஆகியவற்றின் மீதான நாட்டம் மற்றவற்றைவிட அதிகமாக, 33 முதல் 45 விழுக்காடு வரை எகிறியது.

‘தூங்காவிட்டால் பசி ஹார்மோன் கூடும், நிறைவு ஹார்மோன் குறையும்’ என்று இன்று எல்லா உடல்நலக் கட்டுரைகளிலும் வரும் வரியின் வேர்களில் முக்கியமானது இந்தச் சோதனை. அந்த வரியைக் கொஞ்சம் நிதானித்தே ஏற்க வேண்டும். பங்கேற்றவர்கள் 12 பேர், எல்லோரும் இளம் ஆண்கள், கட்டுப்பாடு இரண்டு இரவுகள், அதிலும் உணவுக்குப் பதில் குளுக்கோஸ். பின்னால் வந்த சோதனைகளில், விருப்பம்போல் சாப்பிட அனுமதித்தபோது லெப்டின் சில இடங்களில் மாறவே இல்லை, சில இடங்களில் கூடவும் செய்தது. இதில் முரண் எதுவும் இல்லை. அதிகம் சாப்பிட்டு எடை ஏறினால் கொழுப்புத் திசு அதிக லெப்டினைச் சுரப்பது இயல்பு. கவனிக்க வேண்டியது வேறு. லெப்டின் ஏறி, உடலுக்குப் போதும் என்ற தகவல் மூளைக்குப் போன பிறகும் அவர்கள் உண்பதை நிறுத்தவில்லை. ஆக, இரண்டு ஹார்மோன்களை மட்டும் வைத்து இந்தக் கணக்கை முடிக்க முடியாது. உணவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தூக்கம் குறைந்தவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

அதையும் சிகாகோவிலேயே பார்த்தார்கள். ஆர்லெட் நெடெல்ச்சேவாவும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 11 பேர் ஆய்வகத்தில் இரண்டு முறை, முறைக்கு 14 நாள் தங்கினார்கள். ஒரு முறை படுக்கையில் 8½ மணி நேரம், மறுமுறை 5½ மணி நேரம். சாப்பாடும் நொறுக்குத் தீனியும் வேண்டிய மட்டும் கிடைத்தன. மூன்று வேளைச் சாப்பாட்டின் அளவு இரண்டு முறையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மாறியது நொறுக்குத் தீனி. தூக்கம் குறைந்த நாட்களில் அதன் வழியே நாளொன்றுக்குச் சுமார் 220 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இந்தக் கூடுதலில் மாவுச்சத்தும் இனிப்பும் மிகுதி. இரவு 7 மணிக்குப் பிறகான கொறித்தல் குறிப்பாக அதிகரித்தது.

பொதுவாக எடையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது சோற்றில்தான், இட்லி எண்ணிக்கையில்தான். தூக்கம் போதாதவருக்கு அந்தக் கட்டுப்பாடு தவறான இடத்தில் விழுகிறது. அவருடைய மதிய உணவில் பெரிய மாற்றம் இல்லை. இரவு உணவு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, பதினோரு மணிக்குத் திறக்கும் மிக்சர் டப்பாவில்தான் கூடுதல் கலோரி இருக்கிறது. அது பெரும்பாலும் அவருடைய நினைவிலேயே பதிவதில்லை.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் கென்னத் ரைட்டின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கின் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக அளந்தது. 16 இளைஞர்களும் இளம் பெண்களும் ஒரு தனி அறைத் தொகுதியில் தங்க வைக்கப்பட்டார்கள். அவர்கள் மூச்சில் உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் வைத்து எரிக்கும் ஆற்றலைக் கணக்கிட வசதி இருந்தது. வாரநாட்களைப் போல ஐந்து இரவுகளுக்கு 5 மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். எரிக்கும் ஆற்றல் எதிர்பார்த்தபடியே ஏறத்தாழ 5 விழுக்காடு கூடியது. ஆனால் உண்டது அதைத் தாண்டியது. காலை உணவு குறைந்தது. இரவு உணவுக்குப் பின் கொறித்தவற்றின் கலோரி, அந்த நாளின் எந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் விஞ்சியது. ஐந்தே நாளில் சராசரியாக 0.8 கிலோ எடை ஏறியது. பிறகு 9 மணி நேரம் தூங்க விட்டதும் மாவுச்சத்தும் கொழுப்பும் உண்பது தானாகவே குறைந்தது, எடையும் சற்று இறங்கியது.

ரைட்டின் விளக்கத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. விழித்திருக்க உடலுக்கு உண்மையாகவே கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. எனவே அதிகம் உண்பது ஓரளவு உடலின் நியாயமான தேவைதான். அந்தத் தேவையைவிட மிஞ்சி உண்ண வைப்பது, உணவு சுலபமாகக் கிடைக்கும் சூழல். அதோடு நேரமும் தவறுகிறது. மூளையில் ஓர் உயிரியல் கடிகாரம் ஓடுகிறது. மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரத்தை உடல் இரவாகக் கொள்கிறது. கொலராடோவில் தூக்கம் குறைந்தவர்களுக்கு அந்த இரவின் முடிவு பின்னுக்குத் தள்ளிப்போயிருந்தது. அலாரம் அடித்து எழுந்தபோது அவர்களின் உடல் இன்னும் இரவிலேயே இருந்தது. காலையில் இட்லி இறங்கவில்லை, இரவு பதினொன்றுக்குப் பசிக்கிறது என்று பலர் சொல்வதன் பின்னணியில் இந்தக் கடிகார நகர்வுக்கும் பங்கு இருக்கலாம்.

வயிறு நிறைந்த பிறகும் கை நீள்வது ஏன் என்ற கேள்விக்கு மூளையில்தான் விடை தேட வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் மேத்யூ வாக்கரின் குழு 2013-இல் 23 பேரை இரண்டு முறை சோதித்தது. ஒரு முறை நன்றாகத் தூங்கிய மறுநாள், இன்னொரு முறை இரவு முழுவதும் விழித்த மறுநாள். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி அவர்கள் உணவுப் படங்களைப் பார்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டும் என்று மதிப்பெண் கொடுத்தார்கள். தூங்காத நாளில், எது நல்லது எது வேண்டாம் என்று எடைபோடும் முன்மூளைப் பகுதிகளின் வேலை மந்தமாகியிருந்தது. கவர்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் விரைந்து எதிர்வினையாற்றும் அமிக்டலாவின் வேலை கூடியிருந்தது. மதிப்பெண்ணும் கலோரி அதிகமுள்ள பண்டங்களின் பக்கம் சாய்ந்தது. அதே ஆளுக்கு, அதே படத்துக்கு, முந்தைய இரவைப் பொறுத்து விருப்பம் மாறுகிறது. இரவில் கொறிப்பவரை மன உறுதி இல்லாதவர் என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மன உறுதியைத் தாங்கும் மூளைப் பகுதிதான் தூக்கமின்மையில் முதலில் சோர்ந்து போகிறது.

இரத்தத்திலும் ஒரு தடயம் கிடைத்தது. கஞ்சாச் செடியின் வேதிப்பொருள் மூளையில் எந்த இடத்தில் ஒட்டுகிறதோ, அதே இடத்தில் ஒட்டும் சில பொருள்களை உடலே தயாரிக்கிறது. எண்டோகன்னபினாய்டு என்பது அவற்றின் பெயர். உண்பதில் கிடைக்கும் இன்பத்தை இவை பெருக்குகின்றன. சிகாகோவில் எரின் ஹான்லனும் மற்றவர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு இரவுகள் 4½ மணி நேரமே படுத்தவர்களிடம் இவ்வகைப் பொருள்களில் ஒன்றின் அளவை நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமாக நண்பகல் கடந்து உச்சத்தைத் தொட்டு இறங்கும் அது, தூக்கம் குறைந்தபோது இன்னும் உயரே ஏறி, மாலை வரை இறங்காமலே நின்றது. அப்போது அவர்களுக்கு நிறைவான சாப்பாடு கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து நொறுக்குத் தீனியை முன்னால் வைத்தார்கள். உடலுக்குத் தேவை இல்லாத அந்த நேரத்திலும் அவர்கள் கைவைத்தார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களைவிடக் கொழுப்பு மிகுந்ததையே தேடினார்கள். பசி, ஆசை என்ற இரண்டும் தனித்தனி என்பதை இந்தச் சோதனை தெளிவாகக் காட்டுகிறது. தூக்கக் குறைவு இரண்டையும் தொடுகிறது, ஆசையை அதிகமாகத் தொடுகிறது.

உள்ளே போனது எங்கே சேர்கிறது என்பதும் மாறுகிறது. இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையையும் கொழுப்பையும் செல்களுக்குள் சேர்க்கும்படி சொல்வது இன்சுலின். நான்கு இரவுகள் 4½ மணி நேரம் மட்டும் படுத்த ஆரோக்கியமான இளைஞர்களின் வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து கொழுப்புச் செல்களை எடுத்துப் பார்த்தபோது, அவை இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. மேயோ கிளினிக்கில் 2022-இல் வெளியான ஆய்வு இன்னும் கவலைக்குரியது. பருமன் இல்லாத 12 பேர் இரண்டு வாரம் 4 மணி நேரமே படுத்தார்கள். நாளொன்றுக்கு 300 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை இயந்திரம் காட்டிய ஏற்றம் அரைக் கிலோதான். சிடி ஸ்கேனில் பார்த்தபோது, குடலையும் மற்ற உறுப்புகளையும் சூழ்ந்திருக்கும் உள்வயிற்றுக் கொழுப்பு 11 விழுக்காடு கூடியிருந்தது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நெருக்கமானது இந்தக் கொழுப்பு. எடை பெரிதாக ஏறவில்லை என்று ஒருவர் நிம்மதியாக இருக்கும்போதே இடுப்புச் சுற்றளவு கதை வேறாக இருக்கலாம். மூன்று நாள் ஈடுசெய்யும் தூக்கம் கொடுத்தபோது உண்பது குறைந்தது. உள்வயிற்றுக் கொழுப்பு அந்த நாட்களில் திரும்பி இறங்கவில்லை.

எடை குறைப்பில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சோதனை 2010-இல் வெளியானது. அதைச் செய்ததும் நெடெல்ச்சேவா இருந்த சிகாகோ குழுதான். சற்றுக் கூடுதல் எடை கொண்ட, நடுத்தர வயதுள்ள 10 பேர், 14 நாட்கள் ஆய்வகத்தில் தங்கிக் குறைந்த கலோரி உணவு உண்டார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,450 கலோரி, அவரவர் உடலுக்கு ஏற்பக் கணக்கிட்டது. குறைந்தது மூன்று மாத இடைவெளி விட்டு அதே ஆட்கள் மறுபடியும் வந்து, அதே அளவு உணவை இன்னொரு 14 நாட்கள் உண்டார்கள். ஒரு முறை படுக்கையில் 8½ மணி நேரம், உண்மையில் தூங்கியது 7 மணி 25 நிமிடம். இன்னொரு முறை 5½ மணி நேரம், தூங்கியது 5 மணி 14 நிமிடம். வேறுபாடு தூக்கம் ஒன்றில்தான்.

இரண்டு முறையும் குறைந்த எடை ஏறக்குறைய 3 கிலோ. எடை இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் தூக்கத்தால் எந்த மாற்றமும் இல்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். கொழுப்பையும் தசையையும் பிரித்தளக்கும் எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. போதுமான தூக்கத்தோடு இருந்தபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மீதி எங்கிருந்து போனது? கொழுப்பல்லாத பகுதியிலிருந்து, அதாவது தசை முதலான திசுக்களிலிருந்தும் அவற்றிலுள்ள நீரிலிருந்தும். முதல் நிலையில் அந்த இழப்பு 1.5 கிலோ, தூக்கம் குறைந்த நிலையில் 2.4 கிலோ. ஒரே பட்டினி, ஒரே எடைக் குறைவு, ஆனால் கரைய வேண்டிய கொழுப்பு பாதிக்கு மேல் கரையாமல் தங்கிவிட்டது, காப்பாற்ற வேண்டிய தசை போய்விட்டது. பசியும் அதிகமாக இருந்தது. ஓய்வில் இருக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றலும் இறங்கியிருந்தது. உடல் தன்னைப் பஞ்சத்தில் இருப்பதாக எண்ணிச் சிக்கனம் பிடித்த நிலை இது. இப்படி இழந்த எடை சீக்கிரம் திரும்ப ஏறும் வாய்ப்பு அதிகம். தசை குறைந்த உடல் நாள் முழுக்க எரிப்பது குறைவு என்பதே அதற்குக் காரணம்.

அதிகாலை 4½ மணிக்கு எழுந்து ஓடுவதற்காக இரவுத் தூக்கத்தை ஐந்து மணி நேரமாகச் சுருக்கிக்கொண்டு, சாப்பாட்டையும் பாதியாக்குபவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். ஓட்டம் நல்லது. அதற்கான நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுப்பது நல்லதல்ல. அதே ஓட்டத்துக்கு ஒன்பதரைக்கே படுத்துவிட்டால் இழப்பு ஒன்றும் இல்லை.

வாரநாட்களில் விட்டதை ஞாயிற்றுக்கிழமை பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையையும் கொலராடோ குழு 2019-இல் சோதித்தது. வார இறுதியில் விரும்பியபடி தூங்க விட்டபோது அந்த இரண்டு நாள் இரவுக் கொறித்தல் குறைந்தது உண்மை. திங்கட்கிழமை மறுபடி தூக்கம் சுருங்கியதும் பழைய கொறித்தல் திரும்பியது. அதோடு உயிரியல் கடிகாரமும் பின்னுக்குப் போயிருந்தது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பதும் சீராகவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் ஆய்வகத்தில், தூக்கத்தைக் குறைத்துப் பார்த்தவை. வீட்டில், வழக்கமாகவே குறைவாகத் தூங்குபவரின் தூக்கத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதுதான் சாதாரண மனிதருக்குப் பயன்படும் கேள்வி. எஸ்ரா தசாலியின் தலைமையில் 2022-இல் வெளியான சோதனை அதற்கு விடை தந்தது. 21 முதல் 40 வயது வரையுள்ள, எடை கூடிய 80 பேர். எல்லோரும் வழக்கமாக 6½ மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்கள். முதல் இரண்டு வாரம் அவரவர் போக்கில் இருந்தார்கள். பிறகு ஒரு பாதியினருக்கு மட்டும் ஒரே ஒரு முறை தனித்தனியாக அமர்ந்து ஆலோசனை சொல்லப்பட்டது. படுக்கை நேரத்தை எப்படி முன்னுக்குக் கொண்டுவரலாம், எந்தப் பழக்கம் தடையாக இருக்கிறது என்று ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் வைத்துப் பேசினார்கள். இரவில் மின்னணுச் சாதனங்களை எப்போது ஒதுக்கி வைப்பது என்பது அதில் முக்கியமான பகுதி. என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் வீட்டில், தங்கள் படுக்கையில், வழக்கமான வேலையோடு இருந்தார்கள்.

அவர்கள் சாப்பிட்டதை அளந்த முறை குறிப்பிடத்தக்கது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். அதனால் இந்தச் சோதனையில், சாதாரண நீரைவிடச் சற்றுக் கனமான ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அது சிறுநீர் வழியாக வெளியேறும் வேகத்திலிருந்து உடல் எரித்த ஆற்றலை நேரடியாகக் கணக்கிடலாம். உடலில் சேர்ந்த அல்லது கரைந்த இருப்பையும் அதோடு கூட்டிக் கழித்தால் உண்டது எவ்வளவு என்று தெரியும். ஆலோசனை பெற்றவர்கள் இரவில் சராசரியாக 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட, நாளொன்றுக்கு 270 கலோரி குறைவாக உண்டார்கள். உடல் எரித்த ஆற்றலில் மாற்றம் இல்லை. இரண்டு வாரத்தில் இரு பிரிவுக்கும் இடையே எடையில் 0.87 கிலோ வேறுபாடு வந்தது.

270 கலோரி என்பது ஏறத்தாழ இரண்டு உளுந்த வடையும் ஒரு டீயும். எவரும் வடையை விட்டுவிடச் சொல்லாமலே அது குறைந்தது என்பதே இதில் முக்கியம். ஆனால் இந்த எண்ணை நீட்டிப் போட்டு, ஆண்டுக்கு இத்தனை கிலோ குறையும் என்று கணக்குப் போடுவது சரியாக இருக்காது. எடை இறங்க இறங்க உடல் எரிப்பதும் குறைந்து, பசி கூடி, ஒரு கட்டத்தில் இறக்கம் நின்றுவிடும். சோதனை நடந்தது இரண்டு வாரம்தான். முதல் வாரங்களின் எடை மாற்றத்தில் நீரின் பங்கும் உண்டு. ஏற்கெனவே ஏழரை மணி நேரம் தூங்குபவர் ஒன்பது மணி நேரம் தூங்கினால் மெலிவார் என்றும் இந்தச் சோதனை சொல்லவில்லை. குறைவாகத் தூங்குபவருக்கு மட்டும் பொருந்தும் விடை இது. குழந்தைகளிடமும் இதே திசையில் சான்று உண்டு. 8 முதல் 11 வயது வரையுள்ள 37 அமெரிக்கக் குழந்தைகளின் படுக்கை நேரத்தை ஒரு வாரம் ஒன்றரை மணி நேரம் கூட்டி, இன்னொரு வாரம் அதே அளவு குறைத்துப் பார்த்தபோது, கூட்டிய வாரத்தில் அவர்கள் உண்டது நாளொன்றுக்கு 134 கலோரி குறைவாக இருந்தது.

தன் பசியில் தூக்கத்தின் பங்கு எவ்வளவு என்று ஒருவர் வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் மூன்றே குறிப்புகள் போதும்: விளக்கணைத்த நேரம், எழுந்த நேரம், இரவு உணவுக்குப் பின் வாயில் போட்டவை. தூக்கம் குறைந்த இரவுகளுக்கு மறுநாள் மூன்றாவது குறிப்பு நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். பசியின் தன்மையும் துப்புக் கொடுக்கும். வயிற்றுப் பசிக்குத் தயிர்சாதமும் போதும். தூக்கப் பற்றாக்குறையின் ஆசை குறிப்பிட்ட ஒன்றைக் கேட்கும், பெரும்பாலும் இனிப்பு, மொறுமொறுப்பு, எண்ணெய். அலாரம் இல்லாத நாளில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கிவிடுபவர் வாரநாட்களில் கடன்பட்டிருக்கிறார் என்று கொள்ளலாம்.

படுக்கையில் கிடக்கும் நேரமும் தூங்கும் நேரமும் ஒன்றல்ல என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னையில் வருமானம் குறைந்த 452 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கட்டில் கட்டிய கருவி வழியாகத் தூக்கம் அளக்கப்பட்டது. அவர்கள் இரவில் படுக்கையில் இருந்தது 8 மணி நேரம். தூங்கியது 5½ மணி நேரம்தான். வெக்கை, கொசு, சத்தம், நெருக்கடியான அறை என்று தூக்கம் துண்டு துண்டாக அறுபட்டது. மின்விசிறி, மெத்தை, தலையணை, கண்மூடி, காதடைப்பான் எல்லாம் கொடுத்தும், ஊக்கத் தொகை கொடுத்தும் கூடிய தூக்கம் சராசரி 27 நிமிடம்தான். இது வேலைத்திறனையும் வருமானத்தையும் மையமாகக் கொண்ட பொருளாதார ஆய்வு. ஆனாலும் ‘சீக்கிரம் படுங்கள்’ என்ற ஒற்றை ஆலோசனை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதற்கு இது நல்ல சான்று. சிகாகோவில் ஒருவருக்கு 1.2 மணி நேரம் கூட்டித் தந்த அதே ஆலோசனை, தகரக் கூரைக்குக் கீழ் ஐந்து பேர் படுக்கும் அறையில் அந்த அளவு பலிக்காது. கொசுவலையும் காற்றோட்டமும் அங்கே எடை குறைப்பின் பகுதிதான் என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொரு நிலையில் நேரத்தைக் கூட்டியும் பயன் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் செருகுகிறது, உரத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்கிறார், காலையில் தலைவலி என்றால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். இங்கே காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்துகின்றன. கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையை நெருக்குகிறது, அறுபட்ட தூக்கம் மறுநாள் பசியைக் கூட்டுகிறது. இதை மருத்துவரிடம் காட்டி, ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்தே உறுதிப்படுத்த முடியும். சிகிச்சையாக முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவியைப் பயன்படுத்தினால் மூச்சும் பகல் சோர்வும் சீராகும். ஆனால் எடை தானாக இறங்கிவிடாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கருவி பயன்படுத்தியவர்களின் எடை சற்று ஏறவே செய்தது. இரவு முழுக்க மூச்சுக்குப் போராடி எரித்த ஆற்றல் மிச்சமாவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால் இவர்களுக்குக் கருவியோடு உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்தே மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள்.